ஒரு லைன், பத்து சிஸ்டம்: பிரவுசிங் சென்டரில் நெட்டைப் பங்கிடுவது

பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: "லைனைப் பெரிய பிளானுக்கு மாத்திட்டா சரியாயிடுமா?" பெரும்பாலான கடைகளில் சரியாவதில்லை. மாதாமாதம் கூடுதலாகப் பணம் போகும். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று பக்கம் பழையபடியே சுற்றிக்கொண்டிருக்கும். லைன் போதாமல் இருப்பது ஒரு பிரச்சினை. லைனை ஒரே சிஸ்டம் பிடித்துக்கொள்வது வேறு பிரச்சினை. இரண்டாவதைப் பணம் கொடுத்துத் தீர்க்க முடியாது. ஒரு பழைய கம்ப்யூட்டரும் இரண்டு வரிக் கட்டளையும் இருந்தால் தீர்த்துவிடலாம்.

ஒரு கடையை வைத்தே சொல்கிறேன். தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் உள்ள கடை. வாடிக்கையாளர்களுக்குப் பத்து சிஸ்டம், கவுன்டரில் ஒன்று, அதோடு ஜெராக்ஸ், ஸ்கேனர். ஃபைபர் லைன், நெரிசலான நேரத்தில் அளந்தால் டவுன்லோட் 28 எம்பிபிஎஸ், அப்லோட் 5. பத்துப் பேர் படிவம் நிரப்ப இது தாராளம். ஆனாலும் சாயங்காலமானால் புகார் வந்துகொண்டே இருக்கும். அதிலும் மோசமானது, பணம் கட்டும் பக்கம் பாதியில் நிற்பது. "அண்ணே, பணம் போயிடுச்சு, ரசீது வரல" என்று ஒருவர் கவுன்டருக்கு வந்துவிட்டால் அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்கு அந்தக் கடையில் வேறு வேலை ஓடாது.

இங்கே குற்றவாளி டவுன்லோட் இல்லை, அப்லோட். ஒருவர் கல்யாண வீடியோவை டிரைவில் ஏற்றுகிறார், அல்லது யாரோ வைஃபையில் இணைத்த போன் தானாகப் படங்களை மேலே அனுப்புகிறது. இணையத்தில் டேட்டா போவது சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக. பெரிய பாக்கெட் ஒன்று சுமார் 1500 பைட். உள்ளே சுவிட்ச் நொடிக்கு 1000 மெகாபிட் வரை தள்ளும்; வெளியே போகும் வழி நொடிக்கு 5 மெகாபிட்தான். மிச்சமெல்லாம் ஃபைபர்காரர் கொடுத்த பெட்டியின் நினைவகத்தில் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசை 512 கிலோபைட் கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 4.2 மெகாபிட். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் அது காலியாக 0.8 நொடிக்கு மேல் ஆகும். கடைசியில் வந்து சேரும் எந்தப் பாக்கெட்டும் அவ்வளவு நேரம் காத்திருந்தே ஆகவேண்டும்.

0.8 நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு பக்கம் திறக்க முதலில் தளத்தின் முகவரியைக் கேட்டு வாங்க வேண்டும், பிறகு இணைப்பு ஏற்படுத்த வேண்டும், பிறகு பாதுகாப்புச் சாவிகளை மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் பக்கத்தைக் கேட்கவே முடியும். நாலு முறை போய்த் திரும்பினால், முதல் எழுத்து திரைக்கு வருவதற்குள் மூன்று நொடிக்கு மேல் போய்விடும். பணம் கட்டும் பக்கம் இரண்டு மூன்று தளங்களுக்குத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் இதே காத்திருப்பு. டவுன்லோடும் இதில் அடிபடும். வந்து சேர்ந்த டேட்டாவுக்கு "கிடைத்தது" என்ற பதில் அதே அப்லோட் வரிசையில் நின்றுதான் போகவேண்டும். பதில் தாமதமானால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். 28 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் பக்கம் தவழ்வது இதனால்தான்.

உங்கள் கடையில் இதுதான் நடக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கடை திறக்குமுன், யாரும் இல்லாதபோது, ஒரு சிஸ்டத்தில் `ping -t 8.8.8.8` கொடுத்து ஓடவிடுங்கள். 10, 15 மில்லிநொடி என்று வரும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறொரு சிஸ்டத்திலிருந்து பெரிய வீடியோ ஒன்றை டிரைவில் ஏற்றுங்கள். எண் 20, 30 என்ற அளவில் நின்றால் உங்கள் பெட்டி நல்ல பெட்டி. நான் சொன்ன கடையில் 15 என்று இருந்தது 850க்குப் போனது. ஏற்றுவதை நிறுத்தியதும் மறுபடி 15. இதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை, கோளாறு வரிசையில்தான்.

இந்த இடத்தில் எல்லோரும் முதலில் கேட்பது: "ஆளுக்கு இவ்வளவுன்னு வெட்டி விட்டுடலாமே?" வெட்டலாம். 28இல் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு 25 எம்பிபிஎஸ்ஸைப் பத்தாக வெட்டினால் சிஸ்டத்துக்கு 2.5 வரும். காலை பத்து மணிக்குக் கடையில் இரண்டே பேர் இருந்தாலும் அவர்களுக்கு அதே 2.5தான், 20 எம்பிபிஎஸ் சும்மா கிடக்கும். இதைத் தாங்காமல் கடைக்காரர் ஆளுக்கு 10 என்று உயர்த்துவார். அப்போது மூன்று பேர் முழுவீச்சில் இறங்கினாலே லைன் நிரம்பி, பழைய வரிசை பழைய இடத்தில் முளைக்கும். கடையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது, மாறாத வரம்பு ஒன்று எப்படிப் பொருந்தும்?

தேவைப்படுவது பங்கு தானாக மாறும் ஏற்பாடு. அதற்கு வழி, முறை வைத்து அனுப்புவது. ஒரே நீண்ட வரிசைக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் தனி வரிசை. ஒவ்வொன்றிலிருந்தும் சுற்று முறையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அனுப்ப வேண்டும். 1985இல் ஜான் நேகிள் எழுதிய ஆர்எஃப்சி 970இலேயே இந்த யோசனை வந்துவிட்டது. வரிசைக்கு எவ்வளவு நினைவகம் கொடுத்தாலும் நெரிசல் தீராது என்பதையும் அவர் அங்கேயே காட்டினார். பெரிய பாக்கெட் அனுப்புகிறவர் கூடுதல் பங்கு பெறாமல், பாக்கெட்டை எண்ணுவதற்குப் பதிலாக அதன் அளவைக் கணக்கிட வேண்டும் என்று 1989இல் டெமர்ஸ், கேஷவ், ஷென்கர் மூவரும் வகுத்தார்கள். அதைச் சாதாரணப் பெட்டியிலும் ஓடும் அளவுக்கு எளிதாக்கியது 1995இல் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் எழுதிய சுற்றுமுறை. இன்று லினக்ஸில் ஓடும் `fq_codel` அந்த வழியில் வந்ததுதான். அதில் உள்ள கோடெல் பகுதி வான் ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கோல்ஸும் 2012இல் தந்தது. பாக்கெட்டுகள் 5 மில்லிநொடிக்கு மேல் காத்திருப்பது 100 மில்லிநொடிக்குத் தொடர்ந்தால் ஒன்றைக் கீழே போட்டுவிடும். போட்டால் அனுப்புகிறவர் நெரிசலைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார். பாக்கெட்டைத் தொலைப்பது தப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அளவாகத் தொலைப்பதால்தான் வரிசை குட்டையாக இருக்கிறது.

ஆனால் "ஒவ்வொருவருக்கும்" என்று சொன்னேனே, அந்த ஒருவர் யார்? இந்தக் கேள்வியில்தான் நிறைய ஏற்பாடுகள் சறுக்குகின்றன. `fq_codel` பங்கிடுவது இணைப்புகளுக்கு நடுவே, சிஸ்டங்களுக்கு நடுவே இல்லை. டவுன்லோட் மேனேஜர் ஒரே கோப்பைப் பதினாறு துண்டாக்கி, பதினாறு இணைப்பில் இழுக்கும். மற்ற ஒன்பது சிஸ்டமும் ஆளுக்கு ஓர் இணைப்பில் எதையாவது இறக்கினால் மொத்தம் இருபத்தைந்து இணைப்பு. 25 எம்பிபிஎஸ்ஸைச் சமமாகப் பிரித்தால் இணைப்புக்கு ஒன்று. அந்த ஒரு சிஸ்டம் 16 எம்பிபிஎஸ் எடுத்துக்கொள்ளும், மற்ற ஒன்பதுக்கும் ஆளுக்கு ஒன்று. ரேஷன் கடை வரிசையில் ஒரே வீட்டிலிருந்து பதினாறு பேர் நிற்பது மாதிரி. யாரும் விதியை மீறவில்லை, ஆனாலும் நியாயமில்லை.

அதனால் முதலில் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் பங்கிட்டு, அதற்குள் இணைப்புக்கு இணைப்பு பங்கிட வேண்டும். இதைச் செய்வது 2018இல் லினக்ஸ் 4.19 பதிப்போடு வந்த கேக். இதில் அதே பத்து சிஸ்டமும் இழுத்தால் ஆளுக்கு 2.5, பதினாறு இணைப்பு போட்டவருக்கும் 2.5தான். மூன்று சிஸ்டம் மட்டும் இழுத்தால் ஆளுக்கு எட்டுக்கு மேல். நாலு பேரில் ஒருவர் படிவம் நிரப்ப அரை எம்பிபிஎஸ்ஸும் இன்னொருவர் வீடியோ பார்க்க இரண்டும் போதும் என்றால், மிச்சம் 22.5ஐ மற்ற இருவரும் ஆளுக்கு 11.25 எடுத்துக்கொள்வார்கள். குறைவாகக் கேட்பவருக்குக் கேட்டது முழுதாகக் கிடைக்கும், மிஞ்சியது மற்றவர்களுக்குச் சமமாகப் போகும். எதுவும் வீணாகாது. பிரவுசிங் சென்டருக்கு இதைவிடப் பொருத்தமான விதி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி ஏற்பாடு. அந்தக் கடையில் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டாவது லேன் கார்டு போட்டு டெபியன் ஏற்றினோம். ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு லைனில் நுழையும் வேலையை இந்தக் கம்ப்யூட்டரே செய்யும்படி வைத்தோம். அதனால் வெளியே போகும் வழியின் பெயர் `ppp0`. உள்ளே சுவிட்ச் பக்கம் `eth1`. முக்கியமான வரிகள் இவ்வளவுதான்:

```
tc qdisc replace dev ppp0 root cake bandwidth 4500kbit dual-srchost nat
tc qdisc replace dev eth1 root cake bandwidth 25mbit dual-dsthost
```

அளந்தது 5 என்றால் 4.5 கொடுத்திருக்கிறேன், 28 என்றால் 25. அந்தப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. ஆனால் அதுதான் மொத்த ஏற்பாட்டுக்கும் விலை. நம் கம்ப்யூட்டர் லைனைவிடச் சற்று மெதுவாக அனுப்பினால்தான் வரிசை நம்மிடம் உருவாகும். நம்மிடம் இருக்கும் வரிசையில்தான் நாம் முறை வைக்க முடியும். முழு 5 கொடுத்தால் வரிசை மறுபடி ஃபைபர் பெட்டிக்கே போய்விடும், கேக் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். டவுன்லோடில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே பாக்கெட் லைனைக் கடந்து வந்த பிறகுதான் நம் கைக்குக் கிடைக்கிறது. அனுப்புகிறவரை மறைமுகமாகத்தான் அடக்க முடியும். சாயங்காலம் வேகம் இறங்கும் லைன் என்றால் அந்தச் சாயங்கால அளவிலிருந்து கழியுங்கள். காலையில் அளந்த எண் பயன்படாது.

முதல் வரியில் கடைசியாக உள்ள `nat` என்ற சொல்லை விட்டுவிட்டாலும் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆனால் வெளியே போகும் பாக்கெட்டில் சிஸ்டத்தின் உள்முகவரி மாறி, கடைக்கு உரிய ஒரே முகவரி ஏறியிருக்கும். கேக்குக்குப் பத்து சிஸ்டமும் ஒரே ஆளாகத் தெரியும். பழைய பதினாறு இணைப்புக் கதை திரும்பிவிடும். `nat` என்று சொன்னால் அது மாற்றத்துக்கு முந்தைய முகவரியைத் தேடிப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வரியில் அது தேவையில்லை, அங்கே பாக்கெட் உள்முகவரியோடுதான் போகிறது.

இன்னொன்று, ராத்திரி லைன் அறுந்து மறுபடி டயல் ஆகும்போது `ppp0` புதிதாகப் பிறக்கும். முதல் வரி காணாமல் போயிருக்கும். காலையில் "நேத்து நல்லா இருந்துச்சே" என்பார்கள். `tc qdisc show dev ppp0` கொடுத்து அதில் cake என்ற சொல் இல்லையென்றால் இதுதான். அந்த வரியை `/etc/ppp/ip-up.d/` அடைவில் ஒரு ஸ்கிரிப்டாகப் போட்டு, இயங்கும் அனுமதியும் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு டயலுக்கும் அதுவே ஓடும்.

வைஃபை போன்களை என்ன செய்வது? ஒவ்வொரு போனும் ஒரு முகவரி, ஒவ்வொரு முகவரியும் ஒரு பங்கு. காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் பத்துப் பேர் என்றால், காத்திருப்பவர்களின் போன் இருபது. வைஃபை ரௌட்டரின் லேன் துளையில் கேபிள் செருகாமல், அதன் வான் துளையில் செருகுங்கள். அப்போது எல்லாப் போன்களும் அந்த ரௌட்டரின் ஒரே முகவரிக்குப் பின்னால் போய்விடும். மொத்த வைஃபைக்கும் ஒரு சிஸ்டத்தின் பங்குதான். ஐபிவி6 இருக்கும் லைனில் இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு. ஒரே சிஸ்டம் பல முகவரிகளை வைத்துக்கொள்ளும், அத்தனைக்கும் தனிப் பங்கு கேட்கும். சிறிய கடையில் உள்வலையில் ஐபிவி6ஐ அணைத்துவிடுவதையே நான் சொல்வேன். சிஸ்டங்களுக்கு முகவரியை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். சைபர் கஃபேக்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்பாட்டுப் பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். எந்த நேரத்தில் எந்த சிஸ்டம் என்று சொல்லவும் நிலையான முகவரி உதவும்.

இவ்வளவும் ஆன பிறகு ஆளுக்கான உச்சவரம்பு தேவையா? வேகத்துக்காகத் தேவையில்லை. யாரும் இல்லாதபோது ஒருவர் 25ஐயும் எடுத்தால் எடுக்கட்டும், அடுத்தவர் உட்கார்ந்த கணத்தில் பங்கு பிரிந்துவிடும். வரம்பு தேவைப்படுவது மாத டேட்டா அளவு உள்ள பிளானில். 15 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் இறக்கினால் ஏறக்குறைய 6.75 ஜிபி, 4 எம்பிபிஎஸ் என்றால் 1.8 ஜிபி. அளவு தீர்ந்து லைன் வேகம் விழுந்தால் கடை முழுக்க அவதிப்படும். அப்படிப்பட்ட கடைக்கு எச்டிபி. அதில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் இரண்டு எண்: உறுதியாகக் கிடைப்பது `rate`, எட்டக்கூடிய உச்சம் `ceil`.

```
tc qdisc replace dev eth1 root handle 1: htb default 99
tc class add dev eth1 parent 1: classid 1:1 htb rate 25mbit
tc class add dev eth1 parent 1:1 classid 1:99 htb rate 2mbit ceil 4mbit
tc class add dev eth1 parent 1:1 classid 1:11 htb rate 2mbit ceil 8mbit
tc qdisc add dev eth1 parent 1:11 fq_codel
tc filter add dev eth1 parent 1: protocol ip u32 match ip dst 192.168.10.11/32 flowid 1:11
```

கடைசி மூன்று வரிகளையும் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் எண்ணை மாற்றித் திரும்பப் போட வேண்டும். உறுதிகளின் கூட்டுத்தொகை மொத்தத்தைத் தாண்டக் கூடாது. பத்து சிஸ்டத்துக்கு 20, கவுன்டருக்கு 3, மற்றவர்களுக்கு 2, ஆக 25. தாண்டினால் எச்டிபி கொடுத்த உறுதியைக் காப்பாற்றத்தான் பார்க்கும், லைனின் அளவைப் பார்க்காது; வரிசை மறுபடி வெளியே போய்விடும். 99 என்ற வகுப்பையும் மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் பட்டியலில் இல்லாத லேப்டாப் எந்த வரம்பும் இல்லாமல் பாயும். `tc -s qdisc show dev eth1` காட்டும் வரியில் `direct_packets_stat` என்ற எண் ஏறிக்கொண்டே போனால், யாரோ வகுப்புக்கு வெளியே நழுவிப் போகிறார்கள் என்று அர்த்தம். அப்லோடுக்கு அந்த முதல் கேக் வரியே போதும்.

மைக்ரோடிக் வைத்திருக்கும் கடைகளில் பிசிக்யூ என்ற வகை இதே மாதிரி முகவரிவாரியாகப் பங்கிடும். ரௌட்டர் ஓஎஸ் 7இல் கேக்கே வந்துவிட்டது. அங்கே பார்க்க வேண்டியது ஒன்று: ஃபயர்வாலில் ஏற்கெனவே இருக்கும் ஃபாஸ்ட்டிராக் விதி. அது பாக்கெட்டுகளைக் குறுக்கு வழியில் அனுப்பிவிடுவதால் வரிசை விதிகள் அவற்றைத் தொடவே தொடாது. எல்லாம் சரியாகப் போட்டும் எண்கள் நகரவில்லை என்றால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள்.

இது எங்கே தோற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெரிசல் உங்கள் லைனில் இல்லாமல், லைன் கொடுப்பவரின் பக்கத்தில் இருந்தால் கேக் எதுவும் செய்ய முடியாது. அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பக்கம் சுற்றும் நேரத்தில் `tc -s qdisc show dev ppp0` கொடுத்தால் `pk_delay` என்ற வரியில் நம் வரிசையின் உச்சத் தாமதம் தெரியும்; `eth1`க்கும் அதே மாதிரி பாருங்கள். இரண்டிலும் சில மில்லிநொடி மட்டும் இருந்து, பிங் மட்டும் 300, 400 என்று போனால் வரிசை வெளியே இருக்கிறது. கொடுத்த எண்களைச் சாயங்கால வேகத்துக்குக் குறைத்துப் பாருங்கள். எவ்வளவு குறைத்தும் பிங் இறங்காவிட்டால், லைன் கொடுப்பவரிடம் அந்த அளவுகளோடு போய்ப் பேச வேண்டும், அல்லது ஆளை மாற்ற வேண்டும்.

நான் சொன்ன கடையில் இப்போது அதே வீடியோவை ஏற்றிக்கொண்டே பார்த்தால் பிங் 20க்கும் 30க்கும் நடுவில் நிற்கிறது. லைன் அதே லைன், பிளான் அதே பிளான். வீடியோ ஏற்றுபவருக்கு யாரும் இல்லாத நேரத்தில் முன்பைவிடப் பத்து சதவீதம் குறைவாகக் கிடைக்கிறது; அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பணம் கட்டும் பக்கம் கடையின் நெரிசலால் நிற்பது போய்விட்டது. தளமே படுத்தால் அதற்கு நாம் ஒன்றும் செய்வதற்கில்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பிளானுக்குப் பணம் கட்டுமுன் சும்மா இருக்கும்போதும் அப்லோட் ஓடும்போதும் பிங் எவ்வளவு என்று அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் முதலில் வரிசையைச் சரிசெய்யுங்கள். வித்தியாசமே இல்லாமல் கடை மெதுவாக இருந்தால்தான் பிளானை மாற்றுங்கள்.